காணாமல் போன 0.85 கிராம்

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று ஆஸ்பிரினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. விண்ணப்பித்தவர் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன். ஆனால் அந்தப் பொருள் அவருக்கு முன்பே தெரிந்ததுதான். 1853இல் கெர்ஹார்ட் அதைத் தயாரித்திருந்தார். பிறகு 1869இல் கிரௌட் என்பவரும் வேறொரு வழியில் தயாரித்து நூலில் பதிவு செய்திருந்தார். முன்பே தெரிந்த பொருளுக்குக் காப்புரிமை எப்படிக் கிடைக்கும்? கிரௌட் தயாரித்தது வேறு, தான் தயாரித்தது வேறு என்று ஹாஃப்மன் வாதிட்டார். அதற்கு அவர் காட்டிய முக்கியமான சான்றுகளில் ஒன்று உருகுநிலை. கிரௌட்டின் பொருள் சுமார் 118 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, என்னுடையது சுமார் 135 டிகிரியில் உருகுகிறது என்றார். ஃபெரிக் குளோரைடு விட்டால் என்னுடையதில் நிறம் வராது என்பது இன்னொரு சான்று.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1905இல் இங்கிலாந்து நீதிபதி ஒருவர், கிரௌட்டிடம் இருந்ததும் இதே பொருள்தான், கொஞ்சம் அழுக்காக இருந்தது, அவ்வளவுதான் என்று சொல்லி அங்கே காப்புரிமையை ரத்து செய்தார். 1910இல் அமெரிக்க நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. அழுக்கான பொருளிலிருந்து மருந்தாகப் பயன்படும் தூய பொருளை எடுத்துத் தந்ததே புதுமைதான் என்றது. 17 டிகிரி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டு கண்டங்களில் வழக்கறிஞர்கள் மோதியிருக்கிறார்கள்.

அதே ஆஸ்பிரினைத்தான் இன்று உலகெங்கும் கல்லூரி மாணவர்கள் கரிம வேதியியல் பிராக்டிகலில் தயாரிக்கிறார்கள். தயாரித்து முடித்ததும் ரெக்கார்டு நோட்டில் இரண்டு எண்களை எழுதுகிறார்கள். ஒன்று விளைச்சல் சதவீதம், அதாவது கணக்குப்படி கிடைத்திருக்க வேண்டியதில் எத்தனை பங்கு கைக்கு வந்தது என்பது. மற்றொன்று உருகுநிலை. முதல் எண் எவ்வளவு கிடைத்தது என்று சொல்கிறது, இரண்டாவது கிடைத்தது எது என்று சொல்கிறது. இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை நம்ப முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். இதில் வரும் எடைகள் வகுப்பறையில் வழக்கமாகக் கிடைக்கிற அளவுகளை ஒட்டி நான் அமைத்த மாதிரி.

ஈரமில்லாத கூம்புக் குடுவையில் 2.00 கிராம் சாலிசிலிக் அமிலம் போடுகிறோம். அதன் மேல் 5 மில்லிலிட்டர் அசிட்டிக் அன்ஹைட்ரைடு, 5 சொட்டு அடர் கந்தக அமிலம். அன்ஹைட்ரைடின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் இதைப் புகைக்கூண்டுக்குள் செய்ய வேண்டும். குடுவையைச் சுமார் 60 டிகிரி சூடுள்ள நீர்த்தொட்டியில் கால் மணி நேரம் வைத்தால் வினை நடக்கிறது. பிறகு வெளியே எடுத்து, மீந்திருக்கும் அன்ஹைட்ரைடை அழிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, பனிக்கட்டித் தொட்டியில் குளிர வைக்கிறோம். வெள்ளை ஊசிகளாகப் படிகம் இறங்குகிறது. அதை உறிஞ்சு வடிகட்டியில் வடித்து, குளிர்ந்த நீரால் கழுவி, உலர்த்தி, எடை போடுகிறோம்.

கிடைக்க வேண்டியது எவ்வளவு? சாலிசிலிக் அமிலத்தின் மோல் நிறை 138.1 கிராம். ஆகவே 2.00 கிராம் என்பது 0.0145 மோல். ஒரு மோல் சாலிசிலிக் அமிலம் ஒரு மோல் ஆஸ்பிரினைத் தரும். ஆஸ்பிரினின் மோல் நிறை 180.2 கிராம். பெருக்கினால் 2.61 கிராம் வருகிறது. ஒரு துளிகூடச் சிந்தாமல், ஒரு மூலக்கூறுகூட வழிதவறாமல் எல்லாம் நடந்தால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு இது.

கணக்கை அன்ஹைட்ரைடிலிருந்து தொடங்கக் கூடாது. 5 மில்லிலிட்டர் என்பது சுமார் 5.4 கிராம், 0.053 மோல். சாலிசிலிக் அமிலத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். முதலில் தீர்ந்துபோவது சாலிசிலிக் அமிலம்தான், எனவே விளைச்சலுக்கு எல்லை போடுவதும் அதுதான். இதைக் கவனிக்காமல் அன்ஹைட்ரைடை அடிப்படையாக வைத்தால் கிடைக்க வேண்டியது ஒன்பதரை கிராம் என்று வரும். நல்ல விளைச்சலும் 18 சதவீதமாகத் தெரியும். நோட்டில் 20க்குக் கீழே எண் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையை அல்ல, கணக்கைத்தான்.

அன்ஹைட்ரைடை ஏன் இவ்வளவு அதிகமாக ஊற்றுகிறோம்? அது கரைப்பானாகவும் வேலை செய்கிறது என்பது ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். குடுவையைக் கழுவிவிட்டு உள்ளே ஈரத்தோடு எடுத்து வந்தால், அங்கே இருக்கும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஓர் அன்ஹைட்ரைடு மூலக்கூறை அசிட்டிக் அமிலமாக உடைத்துவிடும். நம் கணக்கில் தேவைக்கு மேல் இருக்கும் அன்ஹைட்ரைடு 0.038 மோல். அதை முழுதாகத் தின்று தீர்க்க 0.7 கிராம் தண்ணீர் போதும். அதாவது ஒரு மில்லிலிட்டர்கூட வேண்டாம். குடுவையின் சுவரில் ஒட்டியிருக்கும் ஓரிரு சொட்டு பெரிய கேடு செய்யாது. அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் செய்யும்.

இப்போது வடிகட்டி முடித்தாயிற்று. புனலில் இருந்து எடுத்த வெள்ளைப் பொடியை அப்படியே தராசில் வைத்தால் 2.94 கிராம் காட்டுகிறது. விளைச்சல் 113 சதவீதம்! நூற்றுக்கு மேல் வருவது நடக்காத காரியம் என்பதால் இதில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். பொடியில் தண்ணீர் இருக்கிறது. ஆபத்து இதைவிடக் கொஞ்சம் குறைவான ஈரத்தில்தான் இருக்கிறது. பாதி உலர்ந்த பொடி 2.45 கிராம் காட்டும். 94 சதவீதம் என்று நோட்டில் பெருமையாக ஏறும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் எண் நம்பும்படி இருக்கிறது. உலர்ந்துவிட்டதா என்று அறிய ஒரே வழி, எடை போட்டு, மறுபடி உலர்த்தி, மறுபடி எடை போடுவது. இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். ஓர் இரவு உலர்த்திய பிறகு நம் பொடி 2.27 கிராமில் நிலைக்கிறது. 87 சதவீதம்.

நல்ல எண்தான். ஆனால் இந்த 2.27 கிராம் முழுக்க ஆஸ்பிரின்தானா? இங்கே உருகுநிலையைக் கேட்க வேண்டும்.

ஒரு முனை மூடிய நுண்குழாயில் பொடியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டி இறக்குகிறோம். அதைத் தெர்மாமீட்டரின் குமிழை ஒட்டி நிற்கும்படி கட்டி, திரவப் பாரஃபினில் வைத்துச் சூடேற்றுகிறோம், அல்லது மின் கருவியில் செருகுகிறோம். முதல் துளி ஈரம் மின்னும்போது ஒரு வெப்பநிலை, கடைசிப் படிகம் மறையும்போது ஒரு வெப்பநிலை. இரண்டையும் எழுத வேண்டும். உருகுநிலை என்பது நடைமுறையில் ஒற்றை எண் அல்ல, ஓர் இடைவெளி. தூய பொருளில் அந்த இடைவெளி ஒன்று இரண்டு டிகிரிக்குள் அடங்கும். நம் பொடி 124இல் இளகத் தொடங்கி 131இல்தான் முழுதாக உருகுகிறது. ஏழு டிகிரி அகலம், அதுவும் 135க்குக் கீழே. உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது.

கலப்படம் ஏன் உருகுநிலையைக் கீழே இழுக்கிறது? தூய படிகத்தில் மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றன. உருகிய திரவத்தில் வேறு மூலக்கூறு கரைந்திருந்தால், அந்தத் திரவத்திலிருந்து திரும்ப அடுக்கில் வந்து சேர்வது கடினமாகிறது, திரவமாகவே இருப்பது எளிதாகிறது. எனவே குறைந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கிவிடுகிறது. குல்பி விற்பவர் பனிக்கட்டியில் உப்பைக் கொட்டுவதும் இதே விதியை நம்பித்தான். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போயும் உருகிக்கொண்டே இருக்கும். உருகத் தொடங்கும்போது அழுக்கு முழுவதும் முதலில் வந்த சிறிது திரவத்தில் சேர்ந்துவிடுகிறது. மேலும் உருக உருக அது நீர்த்துப்போகிறது. அதனால்தான் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இடைவெளி அகலமாகிறது.

இங்கே பலர் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. ஆஸ்பிரினில் கலந்திருக்க வாய்ப்புள்ள அழுக்கு வினை புரியாத சாலிசிலிக் அமிலம். அது தனியாக 159 டிகிரி வாக்கில்தான் உருகும். அப்படியானால் இரண்டும் கலந்தால் உருகுநிலை ஏற வேண்டாமா என்று கேட்பார்கள். ஏறாது. அதிக வெப்பத்தில் உருகும் பொருளைக் கொஞ்சம் கலந்தாலும் உருகுநிலை இறங்கத்தான் செய்யும். 135ஐவிட 140 நெருக்கமாகத் தெரிந்தால் ‘சாலிசிலிக் அமிலம் கலந்ததால் ஏறியிருக்கிறது’ என்று எழுதுவது தவறு. தெர்மாமீட்டரைச் சோதிக்க வேண்டும், சூடேற்றிய வேகத்தைச் சோதிக்க வேண்டும். வேகமாகச் சூடேற்றினால் தெர்மாமீட்டரும் பொடியும் ஒன்றோடொன்று ஒத்துப்போக நேரம் கிடைக்காது. உருகுநிலையை நெருங்கும்போது நிமிடத்துக்கு ஒன்று இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. தெர்மாமீட்டரைச் சோதிக்க 122 டிகிரியில் உருகும் தூய பென்சாயிக் அமிலம் கைவசம் இருந்தால் போதும்.

ஆஸ்பிரினுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. அது உருகும்போதே சிதையவும் தொடங்குகிறது. அறை வெப்பத்திலிருந்து மெல்ல மெல்ல அரை மணி நேரம் சூடேற்றினால், உருகும் இடத்துக்கு வருவதற்குள் பொடியின் ஒரு பகுதி தானாகவே சிதைந்திருக்கும். அந்தச் சிதைவே அழுக்காகி உருகுநிலையைக் கீழே இழுக்கும். நன்றாகத் தூய்மைப்படுத்திய பொருள்கூட 130 என்று காட்டிவிடும். தொட்டியை முதலில் 120 டிகிரி வரை சூடாக்கிவிட்டு, பிறகு நுண்குழாயை உள்ளே வைத்து மெல்ல ஏற்றுவதுதான் முறை. மெதுவாகச் செய்ய வேண்டும், ஆனால் நெடுநேரம் சூட்டில் வைக்கக் கூடாது. ஆஸ்பிரினின் உருகுநிலையாக நூலுக்கு நூல் இரண்டு மூன்று டிகிரி மாறுபட்ட எண்களைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பொடிக்குத் திரும்புவோம். துணுக்கு எடுத்து எத்தனாலில் கரைத்து ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டால் வெளிர் ஊதா வருகிறது. சாலிசிலிக் அமிலத்தில் இருக்கும் ஃபீனால் தொகுதி இரும்போடு சேர்ந்து தரும் நிறம் அது. ஆஸ்பிரினில் அந்தத் தொகுதி மூடப்பட்டுவிட்டது, எனவே தூய ஆஸ்பிரின் நிறம் தராது. உருகுநிலை ‘ஏதோ கலந்திருக்கிறது’ என்றது, ஊதா நிறம் ‘கலந்திருப்பது சாலிசிலிக் அமிலம்’ என்றது. ஆக, 87 சதவீதம் என்ற எண்ணுக்குள் ஆஸ்பிரின் அல்லாத எடையும் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணை நோட்டில் எழுதலாம், தவறில்லை. ஆனால் பக்கத்தில் ‘தூய்மைப்படுத்தாதது, 124–131 டிகிரி’ என்று எழுதாவிட்டால் அது படிப்பவரை ஏமாற்றும்.

அடுத்து மறுபடிகமாக்கல். பொடியை 6 மில்லிலிட்டர் சூடான எத்தனாலில் கரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் 20 மில்லிலிட்டர் மெல்லச் சேர்த்து, தானாக ஆறவிட்டு, பிறகு பனிக்கட்டியில் வைக்கிறோம். மெல்ல ஆறினால் ஆஸ்பிரின் மூலக்கூறுகள் தங்களுக்குள் சேர்ந்து படிகமாகும், குறைவாக இருக்கும் சாலிசிலிக் அமிலம் கரைசலிலேயே தங்கிவிடும். அவசரப்பட்டு நேரே பனியில் வைத்தால் அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொடியாக விழும். வடித்து உலர்த்திய பிறகு எடை 1.76 கிராம். உருகுநிலை 133–135. ஃபெரிக் குளோரைடில் ஊதா இல்லை.

1.76ஐ 2.61ஆல் வகுத்தால் 67 சதவீதம். 87இலிருந்து 67க்கு இறங்கிவிட்டது. இதைப் பார்த்து மனம் உடைகிற மாணவர்கள் பலர். ஆனால் முன்பு கையில் இருந்தது ஆஸ்பிரினும் பிறவும். இப்போது இருப்பது ஆஸ்பிரின்.

இனி இழப்புக் கணக்கு. மொத்தம் 0.85 கிராம் காணவில்லை. வழக்கமாக நோட்டில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும்: ‘செய்முறையில் ஏற்பட்ட மனிதப் பிழைகளால் விளைச்சல் குறைந்தது.’ அந்த வரி எதையும் விளக்கவில்லை. எந்தக் கட்டத்தில், எத்தனை கிராம், எங்கே போனது, அதற்கு என்ன சான்று என்று சொன்னால்தான் அது விளக்கம். சொல்லிப் பார்ப்போம்.

முதல் கட்டத்தில், வினை தொடங்கியதிலிருந்து உலர்ந்த பொடி வரை, 2.61 கிராம் 2.27 ஆயிற்று. 0.34 கிராம் குறைவு. இதில் பெரும் பங்கு வடிநீரோடு போயிருக்கிறது. ஆஸ்பிரின் தண்ணீரில் கரையாது என்று பேச்சுக்குச் சொல்கிறோம், உண்மையில் கொஞ்சம் கரையும். 25 டிகிரியில் ஒரு கிராம் கரைய 300 மில்லிலிட்டர் தண்ணீர் போதும். நாம் வினையை நிறுத்தவும் படிகமாக்கவும் 50 மில்லிலிட்டர் சேர்த்தோம், மூன்று தரம் ஐந்தைந்து மில்லிலிட்டராகக் கழுவினோம். மொத்தம் 65 மில்லிலிட்டர். அறை வெப்பத்தில் இருந்திருந்தால் இதுவே 0.22 கிராம் ஆஸ்பிரினைத் தன்னோடு கொண்டுபோயிருக்கும். பனிக்கட்டியில் வைத்ததால் கரைவது குறைந்தது. ஆனால் அன்ஹைட்ரைடு உடைந்து உருவான அசிட்டிக் அமிலம் அதே நீரில் இருப்பது கரைவதைக் கொஞ்சம் கூட்டும். 0.1 முதல் 0.2 கிராம் வரை வடிநீரில் போயிற்று என்று மதிப்பிடுவது நியாயம். இந்த ஒரு கணக்கிலிருந்தே ஒரு பாடம் வெளிப்படுகிறது. அறை வெப்பத்துத் தண்ணீரை 100 மில்லிலிட்டர் ஊற்றித் தாராளமாகக் கழுவியவர், ஒரு துளி சிந்தாமலே 0.3 கிராமை இழந்திருப்பார்.

மீதியில் ஒரு பகுதி குடுவைச் சுவரிலும் வடிதாளிலும் ஒட்டியது. இதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். வடிதாளைப் பயன்படுத்தும் முன் எடை போட்டு, பிறகு உலர்த்தி மறுபடி எடை போட்டால் வித்தியாசம் தெரியும். நம் மாதிரியில் 0.04 கிராம் என்று வைப்போம். எஞ்சியது ஆஸ்பிரினாக மாறவே மாறாத சாலிசிலிக் அமிலத்தின் கணக்கு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மாறாத அமிலத்தில் ஒரு பகுதி பொடிக்குள்ளேயே கிடந்து எடையைக் கூட்டிக் காட்டியது. எனவே முதல் கட்டத்தின் உண்மையான ஆஸ்பிரின் இழப்பு, தராசு காட்டிய 0.34ஐவிட அதிகம். தராசுக்குப் பொருளின் பெயர் தெரியாது. சூட்டை 60இல் நிறுத்தாமல் 90க்கு ஏற்றியவர்களுக்கு இன்னொரு வழியிலும் இழப்பு உண்டு. சாலிசிலிக் அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசின் போன்ற பாலிமராகிவிடும். பொடியைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் போட்டால் ஆஸ்பிரின் நுரைத்துக் கரையும், பாலிமர் கரையாமல் நிற்கும். அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் 2.27 கிராம் 1.76 ஆயிற்று. 0.51 கிராம் குறைவு. பெரிய இழப்பு இங்கேதான். காரணம் எத்தனால். அது கலந்த நீரில் ஆஸ்பிரின் வெறும் நீரில் கரைவதைவிட அதிகம் கரையும், பனியில் வைத்தாலும் முழுதாக வெளியே வராது. இதற்குச் சான்று வடிநீரிலேயே இருக்கிறது. அதைக் கொட்டிவிடாமல் ஓர் அகன்ற கண்ணாடித் தட்டில் அறை வெப்பத்திலேயே ஆவியாக விட்டால் இரண்டாம் தவணையாகப் படிகம் கிடைக்கும். மாதிரியில் அது 0.29 கிராம், உருகுநிலை 122–129, ஃபெரிக் குளோரைடில் நல்ல ஊதா. ஆஸ்பிரினும் சாலிசிலிக் அமிலமும் அங்கே சேர்ந்து கிடக்கின்றன. சீக்கிரம் முடியட்டும் என்று அடுப்பில் வைத்துச் சுண்டவைக்கக் கூடாது. சூடான நீரில் ஆஸ்பிரின் உடைந்து பழையபடி சாலிசிலிக் அமிலமாகிவிடும், பிறகு இழப்பை அளக்கப் போனவர் புதிய இழப்பைத்தான் உண்டாக்கியிருப்பார்.

இந்த 0.29 கிராமை முதல் தவணையோடு கலந்து ‘மொத்தம் 2.05 கிராம், 79 சதவீதம்’ என்று எழுத ஆசை வரும். கலக்கக் கூடாது. தனி எடை, தனி உருகுநிலை என்று எழுத வேண்டும். 133–135இல் உருகும் பொருளோடு 122இல் உருகத் தொடங்கும் பொருளைச் சேர்த்தால், தூய்மைப்படுத்த எடுத்துக்கொண்ட உழைப்பெல்லாம் வீண்.

0.51இல் இன்னும் 0.22 கிராம் மிச்சம். அதில் ஒரு பகுதி வடிதாளிலும் புனலிலும் கரண்டியிலும் ஒட்டியது. இன்னொரு பகுதி தட்டில் ஒட்டிக்கொண்டது. எடுத்த அளவு சிறியதாக இருப்பதால் இந்த ஒட்டல்கள் பெரிதாகத் தெரிகின்றன. இரண்டு கிராமில் தொடங்கியவருக்கு 0.1 கிராம் ஒட்டினால் அது நான்கு சதவீதத்துக்கு அருகில். இருபது கிராமில் தொடங்கியவருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் ஒட்டும், ஆனால் அது அரை சதவீதம்கூட வராது. அதனால் சிறிய அளவில் செய்த வினையின் விளைச்சலைப் பெரிய அளவில் செய்ததோடு நேரடியாக ஒப்பிடுவது சரியல்ல.

இரண்டு கட்டங்களையும் சதவீதமாகப் பார்த்தால் முதல் கட்டம் 87, இரண்டாம் கட்டம் 78. பெருக்கினால் கிட்டத்தட்ட 67 வருகிறது. கட்டங்கள் கூடக்கூட விளைச்சல் இப்படிப் பெருக்கலில்தான் குறைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதம் எடுக்கிற கைதேர்ந்தவருக்குக்கூட ஐந்து கட்டங்கள் முடியும்போது 33 சதவீதம்தான் மிஞ்சும். எந்தக் கட்டத்தைத் திருத்தினால் லாபம் என்பதைக் காட்டுவது கடைசி எண் அல்ல, கட்டவாரியான இந்தக் கணக்குதான். நம் மாதிரியில் விடை தெளிவு. வினை நன்றாகவே நடந்திருக்கிறது. அடுத்த முறை எத்தனாலை 6 மில்லிலிட்டருக்குப் பதில் கரைவதற்குப் போதுமான மிகக் குறைந்த அளவில் எடுத்தால் போதும், விளைச்சல் ஏறும்.

கடைசியாக ஒரு சோதனை. 133–135இல் உருகியது என்பதால் மட்டுமே அது ஆஸ்பிரின் ஆகிவிடாது. யூரியாவும் ஏறத்தாழ 133இல்தான் உருகும், சின்னமிக் அமிலமும் அப்படியே. பாட்டில்கள் மாறிப்போன ஆய்வகத்தில் இது வெறும் கற்பனை அல்ல. சந்தேகம் தீர, நம் பொடியோடு தூய்மை உறுதியான ஆஸ்பிரினைச் சம அளவில் அரைத்துக் கலந்து, கலவையின் உருகுநிலையைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பொருள் என்றால் உருகுநிலை அசையாது. வேறு பொருள் என்றால், தனித்தனியே ஒரே வெப்பத்தில் உருகியவை கலந்ததும் பல டிகிரி இறங்கிவிடும்.

இத்தனையும் செய்தவர் நோட்டில் எழுத வேண்டியது நான்கைந்து வரிதான். ‘2.00 கிராம் சாலிசிலிக் அமிலத்திலிருந்து கணக்குப்படி 2.61 கிராம். தூய்மைப்படுத்தாதது 2.27 கிராம், 87 சதவீதம், உருகுநிலை 124–131 டிகிரி, ஃபெரிக் குளோரைடில் வெளிர் ஊதா. மறுபடிகமாக்கியது 1.76 கிராம், 67 சதவீதம், 133–135 டிகிரி, நிறமில்லை. நூல் மதிப்பு 135. மறுபடிகமாக்கிய வடிநீரிலிருந்து 0.29 கிராம், 122–129 டிகிரி. முதல் வடிநீரில் 0.1 முதல் 0.2 கிராம் கரைந்திருக்கலாம், வடிதாளில் 0.04 கிராம்.’ இதைப் படிக்கிற இன்னொருவர் அந்த ஆய்வகத்துக்கு வராமலே நடந்ததைத் தெரிந்துகொள்வார், வேண்டுமானால் திரும்பச் செய்தும் பார்ப்பார்.

தேர்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல இடங்களில் பிராக்டிகல் மதிப்பெண் விளைச்சலின் அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. அரைகுறையாக உலர்ந்த அழுக்குப் பொடியை 94 சதவீதம் என்று ஒப்படைப்பவருக்கு அதில் முழு மதிப்பெண். பொறுமையாக உலர்த்தி, மறுபடிகமாக்கி, 67 சதவீதம் கொண்டு வந்தவருக்குக் குறைவு. அடுத்த ஆண்டு அந்த இரண்டாவது மாணவரும் ஈரப்பொடியைத்தான் கொண்டு வருவார். தயவு செய்து உருகுநிலையை நீங்களே ஒருமுறை பாருங்கள், இழப்புக் கணக்குக்கு மதிப்பெண் கொடுங்கள், அதற்குப் பிறகு சதவீதத்தைப் பாருங்கள்.